நாயின் மாறாத வயிற்றோட்டம்: மலப் பரிசோதனையிலிருந்து குடற் சதை எடுப்பது வரை

வன்னியிலே நாயில்லாத வளவைக் காண்பது அரிது. பன்றிக் காவலுக்கும், குரங்கு கலைப்பதற்கும், இரவிலே முன்பின் தெரியாதவர் படலையைத் திறந்தால் குரைப்பதற்கும் அதுவே துணை. 1996இல் கிளிநொச்சியை விட்டு மல்லாவிப் பக்கம் வந்தவர்களும், 2008இல் மல்லாவியையே விட்டுப் போய் பின்னர் திரும்பி வந்தவர்களும், ஒவ்வொரு இடத்திலும் கொட்டிலோடு சேர்த்து நாயையும் புதிதாகவே தேடிக்கொண்டார்கள். அப்படிச் சோறு போட்டு வளர்த்த நாய் ஒரு மாதமாக இளகிக் கழிந்து, விலா எலும்பு தெரிய மெலிந்து நிற்கும்போது வழக்கமாக நடப்பது இரண்டிலொன்று. மருந்துக்கடையில் மனிதருக்குரிய வயிற்றோட்டக் குளிசை வாங்கிக் கொடுப்பார்கள். அல்லது தூரத்தில் கொண்டுபோய் விட்டுவிடுவார்கள். இரண்டுக்கும் அவசியமில்லாதபடி, படிப்படியாகக் காரணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கும் ஒரு முறை உண்டு. அதன் முதற்படிகளுக்கு அதிக செலவில்லை. மிக முக்கியமான படி உங்கள் சமையற் கொட்டிலிலேயே நடக்கின்றது.

முதலில் எதை 'மாறாத வயிற்றோட்டம்' என்கிறோம் என்பதைத் தெளிவாக்கிக் கொள்வோம். பழுதான மீனையோ செத்த எலியையோ தின்ற நாய் இரண்டு மூன்று நாள் கழியும். பிறகு தானாகவே சுகமாகும். மூன்று வாரத்துக்கு மேல் தொடர்ந்தோ, விட்டு விட்டோ கழிந்தால் அது வேறு சங்கதி. அதைத் தானாக மாறும் என்று பார்த்திருக்கக் கூடாது. சிறு குட்டிகளுக்கும், இரத்தமாகக் கழிந்து வாந்தியும் எடுத்துச் சோர்ந்து கிடக்கும் நாய்களுக்கும் இந்தக் கணக்குப் பொருந்தாது. அவற்றை அன்றைக்கே மிருக வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

அடுத்ததாக, மலத்தை உற்றுப் பார்க்க வேண்டும். அருவருப்பான வேலைதான். ஆனாலும் வைத்தியர் கேட்கும் முதற் கேள்விகள் இதைப் பற்றியவையே. நாய் நாளைக்கு ஐந்தாறு தடவை முக்கி முக்கிக் கொஞ்சங் கொஞ்சமாகப் போகின்றதா, சளி கலந்திருக்கின்றதா, சில வேளை சிவந்த இரத்தம் தெரிகின்றதா? அப்படியானால் கோளாறு பெருங்குடலில் இருக்கலாம். இத்தகைய நாய் பெரும்பாலும் அதிகம் மெலியாது. மாறாக, நாளைக்கு இரண்டு மூன்று தடவைதான் போகின்றது, ஆனால் ஒவ்வொரு தடவையும் ஏராளமாகப் போகின்றது, தின்றும் உடம்பு வற்றுகின்றது என்றால் சிறுகுடலைச் சந்தேகிக்க வேண்டும். எந்நேரமும் பசியோடு அலைந்து, வெளிறிய, எண்ணெய்ப்பசையுள்ள மலத்தைக் குவியலாகக் கழிக்கும் நாய்க்குக் குடலிலே ஒரு குறையும் இல்லாதிருக்கலாம். சதையி என்ற சுரப்பி சமிபாட்டு நீரைச் சுரக்காமல் விட்டிருக்கலாம். அதை இரத்தப் பரிசோதனை ஒன்றினால் அறியலாம்.

மூன்று நாள் மலம்

இனி ஒரு நாயை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு படிப்படியாகப் போவோம். நாலு வயதுக் கடுவன் நாய். பாரம் 15 கிலோ. இரண்டு மாதமாக நாளைக்கு நாலைந்து தடவை இளகிக் கழிகின்றது, சளியும் உண்டு. வீட்டில் மிஞ்சிய சோறும் மீன் குழம்பும், மீன் தலையும், காலையில் பாணும், பிள்ளைகள் போடும் பிஸ்கற்றும் அதன் உணவு. நன்றாகத்தான் தின்கின்றது. கொஞ்சம் மெலிந்திருக்கின்றதே தவிர சுறுசுறுப்புக் குறையவில்லை.

முதற்படி மலப் பரிசோதனை. ஒரு நாள் மலம் போதாது. புழுக்கள் தினமும் ஒரே அளவாக முட்டையிடுவதில்லை. ஆகவே இரண்டொரு நாள் இடைவிட்டு மூன்று முறை கொடுக்க வேண்டும். நன்றாகக் கழுவிக் காயவைத்த சிறு போத்தலில் ஒரு தேக்கரண்டி அளவு போதும். மண் ஒட்டாத பகுதியாக எடுங்கள். காலையில் எடுத்ததை அன்று காலையே கொண்டுபோங்கள். எங்கள் வெயிலில் கொழுக்கிப்புழுவின் முட்டை ஒரு நாளைக்குள் பொரித்துவிடும். பிறகு நுணுக்குக்காட்டியில் பார்ப்பவருக்கு முட்டைக்குப் பதிலாக நெளியும் குடம்பிகளே தெரியும், இன்ன புழு என்று சொல்வது கடினமாகிவிடும்.

பார்க்கும் முறை எளிது. ஒரு லீற்றர் சுடுநீரில் 400 கிராம் அளவு உப்பைப் போட்டு, இனிமேல் கரையாது என்னும் வரை கரைத்து ஆறவைத்துக் கொள்வார்கள். அந்த நீரில் மலத்தைக் கரைத்து வடித்து, ஒரு சிறு குழாயில் விளிம்பு வரை நிரப்பி, மேலே மெல்லிய கண்ணாடித் துண்டொன்றை வைப்பார்கள். உப்புநீர் கனமானது, புழு முட்டை அதைவிட இலேசானது. கால் மணி நேரத்தில் முட்டைகள் மேலே மிதந்து வந்து கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். மின்சாரம் இல்லாத இடத்திலும் இதைச் செய்துவிடலாம்.

இதற்கு ஒரு குறையுண்டு. சாட்டைப்புழுவின் முட்டை கனமானது, நன்றாக மிதப்பதில்லை. அத்தோடு நாய்க்குத் தொற்றி மூன்று மாதம் ஆகும் வரை அந்தப் புழு முட்டையே இடாது. ஜியார்டியா என்ற ஒற்றைக்கல ஒட்டுண்ணியோ கடும் உப்புநீரில் சுருங்கி உருக்குலைந்துவிடும். அதற்கு நாகசல்பேற்றுக் கரைசலும் சுழற்றும் இயந்திரமும் நல்லது. எனவே 'ஒன்றும் தெரியவில்லை' என்ற முடிவை 'ஒன்றும் இல்லை' என்று எடுத்துக்கொள்ளாமல், எதுவுந் தெரியாத நாய்க்கும் ஒரு முறை பூச்சிமருந்து கொடுத்துப் பார்ப்பது வைத்தியர்களின் வழக்கம். இதற்கு விரும்பப்படுவது பென்பெண்டசோல். அளவு ஒரு கிலோ உடற்பாரத்துக்கு 50 மில்லிகிராம். எங்கள் 15 கிலோ நாய்க்கு நாளொன்றுக்கு 750 மில்லிகிராம் வீதம் மூன்று நாள். ஜியார்டியா சந்தேகமென்றால் ஐந்து நாள் வரை. சாட்டைப்புழுவாக இருந்தால் மூன்று வாரத்திலும், பின்னர் மூன்று மாதத்திலும் திரும்பக் கொடுக்க வேண்டி வரும். மாட்டுக்கென்று வாங்கி வைத்த அல்பெண்டசோலை நாய்க்கு ஊற்ற வேண்டாம். பெயர் ஒத்திருந்தாலும், அது நாயின் எலும்பு மச்சையைக் கெடுத்து இரத்தம் உண்டாவதைத் தடுக்கக்கூடியது.

எங்கள் நாயின் முதல் மலத்திலேயே கொழுக்கிப்புழு முட்டை தெரிகின்றது. இதில் வியப்பில்லை. நாய், பூனைகளில் காணப்படும் கொழுக்கிப்புழு வகைகளில் ஒன்றுக்கு விஞ்ஞானிகள் வைத்த பெயரிலேயே இலங்கை இருக்கின்றது. 1911இல் லூஸ் என்பவர், இலங்கையிற் கிடைத்த மரநாய் வகை விலங்கொன்றிலிருந்து எடுத்து விபரித்து, 'அன்கைலோஸ்ரோமா சிலானிக்கம்' என்று அதற்குப் பெயரிட்டார். அது மனிதரின் குடலிலும் முழுப் புழுவாக வளரும். வெறுங்காலோடு முற்றத்தில் விளையாடும் பிள்ளையின் தோலைத் துளைத்து உட்புகும். மலத்திலிருந்து வெளிவந்த முட்டை தொற்றும் நிலைக்கு வர ஒரு வாரமளவில் ஆகும் என்பதால், நாயின் மலத்தை அன்றன்றே அள்ளி, கிணற்றுக்குத் தூரமாக ஆழக் குழியில் போட்டு மூடினால் அந்தச் சங்கிலி அறுந்துவிடும்.

மருந்து கொடுத்தாயிற்று. ஒரு வாரம் மலம் இறுகுகின்றது. பத்தாம் நாள் மீண்டும் சளியோடு கழிகின்றது. பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். 'மருந்து பிடிக்கவில்லை' என்று இன்னொரு பூச்சிமருந்து, அதுவும் சரிவராவிட்டால் மெற்றோனிடசோல் என்று மாறிமாறிக் கொடுத்துக்கொண்டே போவார்கள். உண்மையில் புழு போய்விட்டது. திரும்பச் செய்த பரிசோதனையில் முட்டை இல்லை. புழு இருந்தது மெய், ஆனால் அது மட்டும் காரணமாக இருக்கவில்லை. மெற்றோனிடசோல் கொடுத்தால் பல நாய்களுக்கு மலம் இறுகுவது உண்மை. ஆனால் நிறுத்தியதும் பல நாய்களில் திரும்பிவிடும். குடலில் வாழும் நன்மை தரும் நுண்ணுயிர்களையும் அது அழித்துவிடுகின்றது. அவை பழைய நிலைக்கு வரப் பல வாரம் செல்லும். முன்னர் இந்த மருந்தை ஒரு படியாகவே வைத்திருந்தார்கள். இப்போது அதைப் பின்னுக்குத் தள்ளி, உணவை முன்னுக்கு வைத்திருக்கின்றார்கள்.

இரத்தத்திலே ஓர் எண்

உணவைப் பரிசோதிக்க முன்னர் இரத்தத்தை ஒரு முறை பார்ப்பது நல்லது. ஈரல், சிறுநீரகம், சதையி, சிறுநீரகத்தின் மேலுள்ள சுரப்பி ஆகியவற்றின் கோளாறும் வயிற்றோட்டமாக வெளிப்படலாம் என்பது ஒரு காரணம். அதைவிட முக்கியமான காரணம் அல்புமின் என்ற புரதம். பழுதுபட்ட குடல் இந்தப் புரதத்தை ஒழுகவிடும். அது ஒரு டெசிலீற்றருக்கு 2 கிராமிலும் குறைந்தால், அல்லது வயிற்றிலே நீர் கட்டியிருந்தால், கால்கள் வீங்கியிருந்தால், ஆற அமர வாரக்கணக்கில் உணவை மாற்றிப் பார்த்திருக்க நேரமில்லை. அந்த நாய் உடனே பெரிய வைத்தியசாலைக்குப் போக வேண்டிய நாய். எங்கள் நாய்க்கு 2.7. ஆகவே அவசரமில்லை.

ஊசி குத்தி இரத்தம் பார்க்கும் வசதி கிட்டாத குடும்பம் என்ன செய்வது? நாய் நன்றாகத் தின்று, ஓடியாடி, வாந்தியெடுக்காமல், வயிறு ஊதாமல் இருந்தால் உணவுப் பரிசோதனையை முதலிலேயே தொடங்கலாம். இரண்டு வாரத்தில் அதனாற் கேடு வராது. மெலிந்துகொண்டே போகும் நாய்க்கு மட்டும் இதைச் செய்யாதீர்கள்.

இரண்டு வாரச் சமையல்

சில நாய்களின் குடல், ஆண்டுக்கணக்காகத் தின்று வந்த ஓர் உணவுக்கே எதிராகத் திரும்பிவிடுகின்றது. 'இவ்வளவு காலமும் இதைத்தானே தின்றது, ஒன்றும் செய்யவில்லையே' என்பது சரியான வாதமல்ல. பழகிய புரதமே பெரும்பாலும் குற்றவாளி. சில நாய்களுக்கோ ஒவ்வாமை என்று ஒன்றில்லை. எண்ணெயும் தேங்காய்ப்பாலும் உறைப்பும் குறைந்த, எளிதிற் சமிக்கும் உணவு கிடைத்ததுமே குடல் அமைதியடைகின்றது. எதுவானாலும் பரிசோதனை ஒன்றேதான். லண்டனில் இத்தகைய நாய்கள் 203 பேரைப் பின்தொடர்ந்து பார்த்து 2016இல் வெளியிட்ட ஆய்வில், 131 நாய்கள் உணவு மாற்றத்தினாலேயே சுகமடைந்தன. ('பேர்' என்று நாயைச் சொன்னதற்காக யாரும் கோபிக்க வேண்டாம், காவற்காரரை அப்படிச் சொல்லலாம்.) அவை வேறு காரணங்களைத் தேடிப் பார்த்து விலக்கிய பின் எஞ்சிய நாய்கள் என்பதையும் மறக்கக் கூடாது.

விதி ஒன்றுதான். நாய் இதுவரை தின்னாத ஒரு புரதமும், தின்னாத ஒரு மாப்பொருளும். கடையில் இதற்கென்று விசேட உணவு விற்கின்றார்கள், விலை அதிகம். எங்கள் நாய் மீன், பாண், சோறு, பால்மா கலந்த பிஸ்கற் எல்லாம் தின்றது. முட்டை கொடுத்ததில்லை, வத்தாளங்கிழங்கும் கொடுத்ததில்லை. ஆகவே அவை இரண்டும். முட்டையும் தின்று பழகிய நாயென்றால் ஆட்டிறைச்சியையோ வேறொன்றையோ தேட வேண்டும். கடல்மீனை நிறுத்திக் குளத்து மீன் கொடுப்பது மாற்றமாகாது, இரண்டும் மீன்தான்.

15 கிலோ நாய்க்கு ஒரு நாளைக்கு நன்றாக அவித்த முட்டை நாலு, தோல் நீக்கி அவித்து மசித்த வத்தாளங்கிழங்கு 600 கிராம் அளவு. இதைக் காலை, மதியம், மாலை என்று மூன்றாகப் பிரித்துக் கொடுங்கள். எண்ணெய் வேண்டாம், தூளும் வேண்டாம். திடீரென மாற்றினால் சில நாய்கள் மேலும் கழியும். எனவே முதல் மூன்று நாளில் பழைய உணவைக் குறைத்துப் புதியதைக் கூட்டி, நாலாம் நாளை முதலாம் நாளாகக் கணக்கிடுங்கள். நாயின் பாரம் குறைந்தால் அளவைக் கூட்டுங்கள். இந்த உணவில் சுண்ணாம்புச்சத்தும் வேறு சத்துக்களும் போதாது. வளர்ந்த நாய்க்கு இரண்டு மூன்று வாரம் தாங்கும், வளரும் குட்டிக்குத் தாங்காது.

பரிசோதனை பிழைப்பது உணவினால் அல்ல, களவினால். எங்கள் நாய் ஐந்தாம் நாள் வரை முன்னேறி ஆறாம் நாள் கழிந்தது. விசாரித்தால் சின்னப் பிள்ளை பிஸ்கற் கொடுத்திருக்கின்றது. நாயும் அயல் வளவில் மீன் வெட்டிய இடத்துக்குப் போய் வந்திருக்கின்றது. ஒரு துண்டு போதும் எல்லாக் கணக்கையும் குழப்ப. பரிசோதனைக் காலத்தில் நாயைக் கட்டியோ அடைத்தோ வைக்க வேண்டும், நடக்கும்போது கயிற்றோடு கூட்டிச்செல்ல வேண்டும், கோழித்தீனையும் மாட்டுப் புண்ணாக்கையும் எட்டாமல் வைக்க வேண்டும். வீட்டில் எல்லோருக்கும், அயலுக்கும் சொல்லி வையுங்கள். ஒரு கொப்பித் தாளில் ஒவ்வொரு நாளும் எத்தனை தடவை, எப்படியான மலம், சளி உண்டா என்று குறித்து வந்தால் பிறகு நினைவை நம்ப வேண்டியதில்லை.

திரும்ப முதலாம் நாளிலிருந்து தொடங்குகின்றோம். ஒன்பதாம் நாள் மலம் வடிவாக வருகின்றது, பதினாலாம் நாள் நாளைக்கு இரண்டு தடவைதான். உணவுக்கு இணங்கும் நாய்கள் பெரும்பாலும் இந்த இரண்டு வாரத்துக்குள்ளேயே காட்டிக்கொடுத்துவிடும். இனிச் செய்வது பலர் செய்ய மனமில்லாத வேலை: பழைய மீனைத் திரும்பக் கொடுத்துப் பார்ப்பது. சுகமான நாயை ஏன் குழப்புவான் என்று கேட்பீர்கள். கொடுத்துப் பார்க்காவிட்டால் அது தானாகச் சுகமாகியதா, முட்டையினால் சுகமாகியதா என்று தெரியாது. வீணாகக் காலமெல்லாம் முட்டை வாங்க வேண்டி வரும். எங்கள் நாய்க்கு அவித்த மீன் சேர்த்த மூன்றாம் நாள் சளி திரும்பியது. மீனை நிறுத்த அடங்கியது. பின்னர் சோற்றை மட்டும் சேர்த்தோம். இரண்டு வாரம் பார்த்தும் ஒன்றும் இல்லை. ஆகவே இனி அதற்குச் சோறும் முட்டையும், கொஞ்சம் பூசணியும் கொடுக்கலாம். அரைத் தேக்கரண்டி முட்டைக்கோதை நன்றாகக் காயவைத்துப் பொடியாக்கிச் சேர்த்தால் சுண்ணாம்புக் குறை தீரும். ஏனைய சத்துக்களுக்கு என்ன சேர்ப்பதென்று வைத்தியரைக் கேளுங்கள்.

முதல் உணவு பலிக்காவிட்டால் அதோடு விட்டுவிடக் கூடாது. வேறொரு புரதத்தோடு, அல்லது சளியும் முக்கலும் அதிகமான நாய்க்கு நார்ச்சத்துக் கூடிய உணவோடு, இன்னொரு இரண்டு வாரம் பார்ப்பது உண்டு.

குடற் சதை எடுப்பது எப்போது?

இரண்டு உணவும் பலிக்கவில்லை, அல்லது அல்புமின் விழுந்துவிட்டது, அல்லது நாய் மெலிந்துகொண்டே போகின்றது. அப்போதுதான் வயிற்றை ஸ்கான் செய்து பார்த்து, குடலிலிருந்து சிறு சதைத் துண்டுகள் எடுக்கும் படி வருகின்றது. எங்கள் பகுதி வைத்தியர் பேரதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை போன்ற இடத்துக்குக் கடிதம் தரக்கூடும். பயணம் தொடங்குமுன் என்னென்ன செய்வார்கள், எவ்வளவு செலவு என்று தொலைபேசியில் விசாரித்துக்கொள்ளுங்கள். உங்கள் கொப்பித் தாளையும் கையோடு கொண்டுபோங்கள்.

இரண்டு முறைகள் உண்டு. ஒன்று, நாயை மயக்கி, வாய் வழியாகக் கமரா பூட்டிய நெகிழ்ந்த குழாயைச் செலுத்தி, அதனூடாகப் போகும் சிறு இடுக்கியினால் குடலின் உட்பக்கத்தைக் கிள்ளி எடுப்பது. வெட்டுக் காயம் இல்லை. ஆனால் மேற்படை மட்டுமே கிடைக்கும். ஒரு துண்டு போதாது. ஓரிடத்தில் குறைந்தது ஆறு நல்ல துண்டுகளாவது வேண்டும். சிறுகுடலின் கடைசிப் பகுதியை ஆசனவாய் வழியாகச் சென்றே அடைய முடியும். ஆகவே முன்னரே பட்டினி போட்டுக் குடலைக் கழுவ வேண்டும். மற்றது, வயிற்றைத் திறந்து குடற் சுவரின் முழுத் தடிப்பையும் வெட்டி எடுப்பது. இது ஆழத்திலுள்ள நோயைக் காட்டும். ஆனால் அல்புமின் குறைந்த நாயில் தையல் ஆறாமல் குடல் ஒழுகும் ஆபத்து உண்டு. எந்த முறையை எடுப்பது என்பதை அந்த நாயைப் பார்த்த வைத்தியர்தான் தீர்மானிக்க வேண்டும்.

எடுத்த துண்டுகள் போர்மலினில் இடப்பட்டு, மெல்லிய சீவல்களாகச் சீவி நிறமேற்றி நுணுக்குக்காட்டியில் பார்க்கப்படும். குடலிலே புற்று இருந்தால், நிணநீர்க் குழாய்கள் வீங்கிப் புரதம் ஒழுகினால், பூஞ்சை பிடித்திருந்தால் அங்கே தெரியவரும். அதற்காகத்தான் இந்தச் செலவும் ஆபத்தும். ஆனால் 'அழற்சி' என்று மட்டும் முடிவு வந்தால் அது எதனால் வந்த அழற்சி என்பதைச் சீவல் சொல்லாது. உணவை மாற்றினால் சுகமாகும் நாயின் குடலும், ஸ்ரெரொயிட் மருந்து தேவைப்படும் நாயின் குடலும் நுணுக்குக்காட்டியின் கீழ் ஒரே மாதிரி இருக்கக்கூடும். உணவுப் பரிசோதனையைச் செய்யாமல் நேரே சதையெடுக்கப் போன குடும்பத்துக்கு, பணத்தைக் கட்டி வாங்கிய அந்த முடிவைக் கையில் வைத்துக்கொண்டு வைத்தியர் கேட்கும் முதற் கேள்வி, 'நாய்க்கு இதுவரை என்ன சாப்பாடு கொடுத்தீர்கள்?' என்பதாகவே இருக்கும். உணவு ஏற்கனவே சோதிக்கப்பட்டுப் பலிக்காமற் போன நாயென்றால், அழற்சி என்ற அதே முடிவைக் கொண்டு தாமதிக்காமல் பிரெட்னிசொலோனைத் தொடங்கலாம். தொடங்கிய மருந்தை நாய் சுகமானதும் சடுதியாக நிறுத்தாமல், வைத்தியர் சொல்லும் ஒழுங்கில் வாரக்கணக்காகப் படிப்படியாகக் குறைக்க வேண்டும். அந்தக் காலம் முழுவதும் உணவும் மாறாதிருக்க வேண்டும்.